கேரட்டின் கால் எப்போது பிரிந்தது?

கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் நிலத்தில் கேரட் போடும் உறவுக்காரத் தம்பி ஒருவர் போன பருவத்தில் எனக்கு ஒரு படம் அனுப்பினார். கையில் ஒரே ஒரு கேரட். இடுப்புக்குக் கீழே இரண்டு கால். ஒன்று நேராக நிற்க, மற்றொன்று மடங்கித் தூக்கியிருக்க, பரதம் ஆடுகிற தோரணை. கூடவே குரல் செய்தி: “அண்ணா, விதை மோசம். போன மாசம் கொட்டின மழையும் சேர்ந்து கெடுத்துடுச்சு. பாதிக்கு மேல இப்படித்தான் இருக்கு.”

படம் வேடிக்கையாக இருந்தது. அதுதான் அதிலிருந்த சிக்கலும். ஐம்பது கேரட் பிடுங்கினால் அதில் எது ஆடுகிறதோ, எது உட்கார்ந்திருக்கிறதோ, அதைத்தான் எவரும் படம் எடுப்பார்கள். நேராக இருக்கும் நாற்பதும் சாக்குக்குள் போய்விடும். ஒரு கேரட்டின் படத்தை வைத்து அந்த ஒரு கேரட்டைப் பற்றிப் பேசலாமே தவிர, வயலைப் பற்றிப் பேச முடியாது.

அதனால் இன்னொரு படம் கேட்டேன். ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் பத்துச் செடிகள், நல்லது கெட்டது பார்க்காமல். இழுத்துப் பிடுங்காமல் மண்வெட்டியால் பக்கத்தில் நெம்பி எடுத்தது. தழையை வெட்டக் கூடாது. மண்ணை உதறினால் போதும், தேய்த்துக் கழுவ வேண்டாம். வயலில் நின்ற அதே வரிசையில் சாக்கின் மேல் பரப்பி, பக்கத்தில் ஒரு பால்பாயின்ட் பேனா. நேர் மேலே நின்று எடுக்க வேண்டும். சாய்வாக எடுத்தால் போனுக்கு அருகில் இருக்கும் முனை பெருத்தும் தள்ளி இருப்பது சிறுத்தும் தெரியும்.

“இவ்வளவு எதுக்குண்ணா?” என்றார். வேறெதற்கும் இல்லை. சாதாரணப் பேனா ஏறக்குறைய 14 சென்டிமீட்டர். அது பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு கேரட்டும் எந்த ஆழத்தில் பிரிந்தது என்று அளந்துவிடலாம். இழுத்துப் பிடுங்கினால் நுனி அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்; பிறகு படத்தில் அது நுனி கருகி நின்றுபோன வேர் மாதிரியே தெரியும். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் உண்டு. அறுந்த முனை தட்டையாக, உள்நிறம் பளிச்சென்று இருக்கும். முன்பே நின்றுபோன முனை உருண்டு, தோல் மூடியிருக்கும். ஆனால் மங்கலான படத்தில் இதைப் பிரித்தறிவது கஷ்டம்.

படத்தைப் பார்த்ததும் ‘ஏன்’ என்று கேட்க நான் அவசரப்படுவதில்லை. முதலில் ‘எப்போது’ என்று கேட்பேன். கிழங்கு விகாரங்களுக்கு ஒரு கால ஒழுங்கு இருக்கிறது. கவை பிரிவது பயிரின் குழந்தைப் பருவத்தில். வெடிப்பது பெரும்பாலும் பருக்கும் காலத்தின் பிற்பகுதியில். உள்ளே பஞ்சு பாய்வதும் கூடு விழுவதும் பருத்து முடிகிற நேரத்திலும் அதற்குப் பிறகும். எப்போது நடந்தது என்று தெரிந்துவிட்டால், அந்தச் சமயத்தில் ஊரிலேயே இல்லாதவர்கள் மேல் பழி போட வேண்டியிருக்காது.

கேரட் விதை முளைத்தவுடன் கிழங்கு வைப்பதில்லை. முதலில் நூல் மாதிரி ஒரு வேரை நேராகக் கீழே அனுப்புகிறது. மேலே கேரட் இலை என்று அடையாளம் தெரிகிற முதல் இலை விரிந்து நிற்கும்போது, கீழே அந்த நூல் ஒரு சாண் ஆழத்தை எட்டிக்கொண்டிருக்கும். கிழங்கு எவ்வளவு நீளம், எந்த வடிவம் என்பதெல்லாம் அந்த முதல் மூன்று நான்கு வாரத்திலேயே ஏறக்குறைய முடிவாகிவிடும். அதன்பிறகு மூன்று மாதமும் நடப்பது பருப்பதுதான். நூல் எந்த வழியில் போனதோ அந்த வழியில்தான் கிழங்கும் பருக்கும்.

நுனிக்கு ஒன்றும் ஆகாதவரை ஆணிவேர் ஒன்றுதான் ராஜா. பக்க வேர்கள் மெல்லிய நூலாகவே இருக்கும். கழுவிய கேரட்டைத் திருப்பிப் பார்த்தால் தோலில் குறுக்கே சின்னச் சின்னக் கீறல் போன்ற தழும்புகள் தெரியும். அவை பக்க வேர்கள் கிளம்பிய இடங்கள். கண்டபடி சிதறியிருப்பதாகத் தோன்றும். கவனித்தால் மேலிருந்து கீழாக நான்கு வரிசையாக இருக்கும். நுனி செத்துப்போனால் இந்த வரிசைகளில், செத்த இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஒன்றிரண்டு பக்க வேர்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டு பருக்க ஆரம்பிக்கின்றன. கவை என்பது இதுதான். கால்கள் இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் நுனி மிகச் சீக்கிரமே போய்விட்டது என்று பொதுவாகச் சொல்லலாம். பருத்த கேரட்டின் ஓரத்தில் சுண்டுவிரல்போல ஒன்று மட்டும் ஒட்டியிருந்தால் அது பின்னால் வந்த கோளாறு.

தம்பியின் இரண்டாவது படம் மறுநாள் வந்தது. சாக்கின் மேல் பத்து கேரட், பக்கத்தில் நீலப் பேனா. இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

முதல் இரண்டும் நேர். குறையே இல்லை. அடுத்த ஐந்தும் கவை. அவற்றைப் பேனாவோடு ஒப்பிட்டால் ஐந்தும் பிரிகிற இடம் பேனாவின் மூன்றில் இரண்டு பங்கில், அதாவது தோளிலிருந்து சுமார் 9 சென்டிமீட்டர் கீழே. ஒன்றிரண்டு அரை விரல் முன்பின்னாக இருந்தன, அவ்வளவுதான். பிரிந்த கால்கள் கீழே போகாமல் பக்கவாட்டில் படர்ந்து, பிறகு தயங்கித் தயங்கி இறங்கியிருந்தன. எட்டாவதும் ஒன்பதாவதும் ஒன்றையொன்று சுற்றிக் கயிறு திரித்ததுபோல. பத்தாவது குட்டையாக, தாடி வைத்ததுபோல உடம்பெங்கும் மயிர் வேர்கள்.

ஐந்து கேரட் ஒரே ஆழத்தில் பிரிந்தால் அது விதையின் வேலையாக இருக்க முடியாது. விதைக்கு ஆழம் தெரியாது. மட்டமான விதை என்றால் முளைப்பு ஏறுக்கு மாறாக இருக்கும், நிறம் வெளுக்கும், ஒரே வயலில் கூம்பும் உருளையும் கலந்து வரும். எல்லாம் சொல்லிவைத்தாற்போல 9 சென்டிமீட்டரில் நின்று பிரியாது. கல்லின் வேலையும் அல்ல. கல் ஒரே மட்டத்தில் அடுக்கி வைத்ததுபோல இருப்பதில்லை. கல் பட்ட கேரட்டுகளில் கவை மூன்று சென்டிமீட்டரில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று என்று சிதறி இருக்கும். தவிர கல் தன் முத்திரையை விட்டுச் செல்லும். கேரட் கல்லைச் சுற்றிக்கொண்டு போகும்போது ஒரு பக்கம் தட்டையாக, குழிந்து, கட்டைவிரலால் அமுக்கிய மாதிரி ஆகிவிடும். சில சமயம் கல்லே கவட்டையில் சிக்கிக்கொண்டு படத்துக்கு வந்துவிடும். உதறினால் போதும், தேய்க்க வேண்டாம் என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே ஆழம் என்றால் அங்கே தரையே இருக்கிறது என்று அர்த்தம். “தம்பி, மழை விட்டு ரெண்டு நாள் கழிச்சு, மண்ணு ஈரமா இருக்கும்போது ஒரு கம்பியை எடுத்துக் குத்திப் பாருங்க” என்றேன். விரல் பருமன் இரும்புக் கம்பி. கையால் நிதானமாக அழுத்த வேண்டும், சுத்தியலால் அடிக்கக் கூடாது. மண் காய்ந்திருந்தால் எல்லா இடமும் கெட்டியாகத்தான் தெரியும், அதனால்தான் ஈரம் வேண்டும். வரிசையின் நடுவில் குத்திய இடமெல்லாம் கம்பி வெண்ணெயில் போவதுபோல இறங்கி, நான்கு விரல் ஆழத்துக்குச் சற்றுக் கீழே டக்கென்று நின்றது. வரிசையின் முனையில் மட்டும் முழங்கை ஆழத்துக்கு இறங்கியது. அங்கேதான் முதல் இரண்டு நேர் கேரட்டுகள் நின்றன. அந்த இடத்தில் போன வருடம் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் தோண்டி, பிறகு மூடியிருக்கிறார்கள். தோண்டி மூடிய மண் ஆழம்வரை இளகியிருந்தது. மற்ற இடமெல்லாம் வருடக்கணக்காகக் கத்தி தேய்ந்த ஒரே பவர் டில்லரால் ஒரே ஆழத்தில் உழுத மண். மேலே பொலபொலவென்று மாவு மாதிரி. அதற்குக் கீழே கத்தி தேய்த்துத் தேய்த்து இறுகிய ஒரு தட்டு. ஈரத்திலேயே உழுதால் அந்தத் தட்டு இன்னும் கெட்டிப்படும்.

மேல்மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து “நல்லாத்தானே இருக்கு” என்று சொல்கிறவர்களை இந்தத் தட்டு எப்போதும் ஏமாற்றிவிடும். கேரட்டுக்கு வேண்டியது மேலே மாவு அல்ல, கீழே வழி.

அந்தத் திரித்த ஜோடிக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இரண்டு விதை ஒட்டி விழுந்து முளைத்திருக்கின்றன, நெருக்கத்தைக் கலைக்கும்போது யாரோ விட்டுவிட்டார்கள். இதைக் கவை என்று எண்ணிக் கணக்கில் சேர்க்கிறவர்கள் உண்டு. தழையோடு எடுத்த படத்தில் இரண்டு தலை தெரியும், குழப்பமே வராது. தழையை வெட்டாதீர்கள் என்று மன்றாடுவது இதற்காகவும்தான்.

பத்தாவது கேரட்தான் என்னைக் கவலைப்படுத்தியது. குட்டை, பல கால், நிறைய மயிர் வேர். படத்தைப் பெரிதாக்கினால் அந்த மயிர் வேர்களில் கடுகு கோத்த மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிவதுபோல இருந்தது. ‘தெரிவதுபோல’ என்றுதான் சொல்ல முடியும். மண் துகள் ஒட்டியிருந்தாலும் படத்தில் அப்படித்தான் தெரியும். வேர்முடிச்சு நூற்புழு தாக்கினால் இந்தத் தோற்றம் வரும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு இளம் வேரின் நுனிக்குள் புகுந்து அங்கேயே முடிச்சுப் போட்டுக் குடியிருக்கும். நுனி நின்றுவிடும், சுற்றிலும் புது வேர்கள் பீறிடும். நீலகிரி மலையில் கேரட்டுக்கு இது பழைய எதிரி. அந்த மலையில் நூற்புழு என்றாலே பலர் நினைப்பது 1961-ல் அங்கே கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு நூற்புழுவை. அது வேறு ஜாதி, கேரட்டைத் தொடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கேரட் வயலுக்கு உருளை வைத்தியம் பார்க்கக் கூடாது.

இங்கே படம் தன் எல்லைக்கு வந்துவிடுகிறது. முடிச்சைத் தண்ணீரில் அலசிய பிறகும் அது வேரோடு ஒட்டியிருக்கிறதா, நகத்தால் சுரண்டினால் உதிராமல் வேரின் சதையாகவே இருக்கிறதா என்று அவர்தான் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் வேரும் அதைச் சுற்றிய மண்ணும் சேர்த்து வேளாண் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். அலசிப் பார்த்துவிட்டு “உதிரலண்ணா” என்றார். பத்தில் ஒன்றுதான், ஆனாலும் அந்த ஒன்று நின்ற மூலையிலிருந்து மண் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

பச்சைச் சாணம் போட்டால் கேரட் கவைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். மக்காத எருவின் கட்டிகள் கல்லைப் போலவே வழிமறிக்கும், அவை நொதிக்கும் இடத்தில் இளம் நுனி கருகவும் கூடும். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் படத்தில் இதைத் தனியாக அடையாளம் காட்டும் முத்திரை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. கவைகள் சிதறிய ஆழத்தில் இருந்து, கல்லும் இல்லை, முடிச்சும் இல்லை என்றால் “எரு எப்போ போட்டீங்க?” என்று கேட்பேன். மொட்டைமாடித் தோட்டக்காரர்களிடம் இன்னொன்றும் கேட்பேன்: நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டீர்களா? கேரட்டையும் முள்ளங்கியையும் அப்படி நட்டால் நுனி அறுந்தோ மடங்கியோதான் மண்ணுக்குள் போகும். கால்கள் தோளுக்குக் கீழேயே பிரியும், அல்லது கிழங்கு மீன் தூண்டில்போல வளையும்.

இனி மழை. தம்பி சொன்ன மழை பயிருக்கு எண்பது நாள் ஆனபோது பெய்தது. கவை அதற்கு இரண்டு மாதம் முன்பே விழுந்தாயிற்று. அந்தக் குற்றத்தில் மழைக்குப் பங்கில்லை. ஆனால் அதே படத்தில் மழையின் கைவேலை வேறு இடத்தில் இருந்தது. நான்கு கேரட்டுகளில் நீளவாக்கில் வெடிப்பு.

வெடிப்பைப் பார்க்கும்போது அதன் உதட்டைப் பார்க்க வேண்டும். மூன்று கேரட்டுகளில் வெடிப்பின் ஓரங்கள் உருண்டு, பழுப்பேறி, தக்கைபோல உலர்ந்திருந்தன. உள்ளே தெரிந்த சதையின் நிறமும் மங்கியிருந்தது. அது மண்ணுக்குள்ளேயே வெடித்து, ஆறி, அதன் பிறகும் பருத்த கேரட். நான்காவதில் ஓரம் கத்தியால் கீறியதுபோலக் கூர்மை. உள்சதை ஈரமாக, புது ஆரஞ்சு நிறத்தில். அது மண்ணில் வெடித்ததே அல்ல. விடியற்காலையில் எடுத்த கேரட் தண்ணீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். கூடையில் போட்டாலோ கீழே தவறினாலோ படாரென்று பிளக்கும். கழுவும் இயந்திரத்தில் உருண்டு வரும்போது பிளப்பதும் இதே வகைதான். இதைப் பார்த்துவிட்டு “தண்ணி கட்டினது தப்பு” என்று முடிவுகட்டினால் தப்பில்லாத இடத்தில் கைவைத்தவர்களாவோம்.

மண்ணில் வெடிப்பது ஏன்? மண் காய்ந்திருக்கும் நாட்களில் கிழங்கின் வளர்ச்சி மட்டுப்படும், தோலும் முதிர்ந்து இறுகும். திடீரென்று நிறையத் தண்ணீர் வரும்போது உள்ளிருக்கும் செல்கள் வேகமாக உப்புகின்றன. தோலால் அந்த வேகத்துக்கு விரிய முடிவதில்லை. எப்போதும் நீளவாக்கில் கிழிவதற்கும் காரணம் இருக்கிறது. உருளையான ஒரு பொருளை உள்ளிருந்து அழுத்தினால், அதன் சுற்றளவை விரிக்கும் இழுவிசை, நீளத்தை இழுக்கும் விசையைப்போல இரண்டு மடங்கு. பழைய ரப்பர் தண்ணீர்க் குழாய் வெடித்தாலும் நீளவாக்கில்தான் கிழியும், கவனித்திருப்பீர்கள். கேரட் குழாய் அளவுக்குச் சீரான உருளை இல்லை. ஆனாலும் கணக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது. தோலில் குறுக்குவாட்டில் நீள்வட்டமாகச் சிறு பள்ளங்கள் தெரிந்தால் அது வெடிப்பு அல்ல, மண்ணிலிருக்கும் பூசணத்தின் வேலையாக இருக்கக்கூடும்.

வெடித்த மூன்றும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. மூன்றும் பக்கத்தில் இடம் தாராளமாகக் கிடைத்து, மற்றவற்றைவிடப் பெருத்தவை. இடம் அதிகம், உரம் அதிகம், வளர்ச்சி வேகம் அதிகம் என்றால் வெடிக்கும் வாய்ப்பும் அதிகம். அறுவடையைத் தள்ளிப்போடுவதும் அப்படியே. விலை ஏறட்டும் என்று பத்து நாள் மண்ணிலேயே விட்டு வைத்ததைத் தம்பி பிறகுதான் சொன்னார்.

கூடு விழுவதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மலையிலிருந்து இறங்கி முள்ளங்கிக்கு வர வேண்டும். கேரட்டில் நாம் விரும்பித் தின்பது வெளிவட்டத்துச் சதை. நடுவில் இருக்கும் வெளிறிய கட்டை பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, இருந்துவிட்டுப் போகட்டும். முள்ளங்கியில் இது தலைகீழ். அதன் வெள்ளைச் சதை பெரும்பாலும் நடுக்கட்டையே பருத்து வந்தது. முள்ளங்கியின் மேல்பகுதி வேரே அல்ல என்பது இன்னொரு விசேஷம். விதையிலைக்கும் வேருக்கும் நடுவிலிருந்த தண்டு பருத்துத்தான் தோள்பகுதி ஆகிறது. அதனால் அந்த வழவழப்பான மேல்பகுதியில் பக்க வேர்த் தழும்பு இருக்காது, கவையும் விழாது. கீழே வேர்ப்பகுதியில் இரண்டு வரிசையில் மட்டும் பக்க வேர்கள் இருக்கும், முள்ளங்கி கவைத்தால் அங்கேதான் கவைக்கும். உருண்டைச் சிவப்பு முள்ளங்கியில் பெரும்பகுதி அந்தத் தண்டுதான் என்பதால் அது கால் முளைத்து ஆடுவதை அதிகம் பார்க்க முடியாது.

சென்னையில் எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா மாடியில் க்ரோ பேக் வைத்திருக்கிறார். பிப்ரவரி கடைசியில் அவரும் படம் அனுப்பினார். வெள்ளை முள்ளங்கி, வழவழப்பு, கவையில்லை, வெடிப்பில்லை, நல்ல கை மொத்தம். “பார்க்க எவ்வளவு அழகா இருக்கு பாருங்க தம்பி. சாம்பார்ல போட்டா பஞ்சைத் தின்னற மாதிரி இருக்கு. சாறே இல்ல.” வெளித்தோற்றப் படம் இங்கே ஒன்றுக்கும் உதவாது. நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று வெட்டி, ஈரத்தைத் துடைக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் உடனே எடுத்து அனுப்பச் சொன்னேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் பழுப்பும் வெள்ளையும் ஒன்றாகிவிடும், அதுதான் பிரித்துப் பார்க்க வேண்டிய விஷயமே.

வெட்டுப்படத்தில் மூன்று வகை தெரியலாம். சதை சில இடத்தில் கண்ணாடிபோல ஈரமாகவும், சில இடத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல உலர்ந்த வெள்ளையாகவும் திட்டுத்திட்டாக இருந்தால் அது பஞ்சு பாய்ந்தது. நடுவில் சுத்தமான வெள்ளைச் சுவரோடு ஓட்டை மட்டும் இருந்தால், மட்டுமீறிய வேகத்தில் பருத்ததில் நடுப்பகுதி இழுபட்டுக் கிழிந்திருக்கிறது. நடுவில் பழுப்போ கறுப்போ படர்ந்து, நீர் கோத்ததுபோல இருந்தால் விஷயம் வேறு. போரான் சத்துக் குறைவிலும் இப்படி வரும், அழுகல் நோயிலும் வரும். படத்தை மட்டும் பார்த்து போரான் வாங்கிப் போடச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். போரான் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒரு க்ரோ பேக்குக்கு ஒரு சிட்டிகை கூடினாலும் இலை ஓரம் கருகிவிடும். மண் பரிசோதனை இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

அக்காவின் முள்ளங்கி முதல் வகை. பழுப்பே இல்லை, வெள்ளைத் திட்டுகள் மட்டும். எப்போது விதைத்தீர்கள் என்று கேட்டேன். நாள்காட்டியைப் பார்த்துச் சொன்னார்: 62 நாள். பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினார்: பூசா சேத்கி. வெயிலைத் தாங்கும் ரகம், ஆனால் அவசரக்காரர். 40, 45 நாளில் எடுத்துவிட வேண்டும். அக்கா முன்பு ஜப்பானீஸ் ஒயிட் போட்டுப் பழகியவர். அது குளிர்ந்த பருவத்தில் 60 நாள்வரை பொறுத்திருக்கும். ‘இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்’ என்று அந்தக் கணக்கிலேயே இதையும் விட்டுவிட்டார். கிழங்கு பருத்துக்கொண்டே போகும்போது நடுவிலுள்ள செல்களுக்கு இலையிலிருந்து வரும் சர்க்கரை போதாமல் போகிறது. அவை உள்ளிருப்பைச் செலவழித்துவிட்டுக் காற்றை நிரப்பிக்கொள்கின்றன. அந்தக் காற்றுதான் நமக்கு வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. வெயில் ஏற ஏற இது வேகம்பிடிக்கும். தழைச்சத்து உரத்தை அள்ளிப்போட்டுக் கிழங்கை ஊத வைத்தாலும் அப்படியே.

“இன்னும் மூணு பை பாக்கி இருக்கு. அதையும் வெட்டித்தான் பார்க்கணுமா?” என்று கேட்டார். ஜப்பானில் முள்ளங்கி விவசாயிகளுக்குப் பழக்கமான ஒரு வழி இருக்கிறது. செடியைப் பிடுங்காமலே, வெளிப்பக்கத்து முதிர்ந்த இலை ஒன்றின் காம்பை, அடியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே குறுக்காக நறுக்குவார்கள். வெட்டுவாயில் காம்பு பச்சையாக, சதைப்பிடிப்பாக இருந்தால் கிழங்கும் அநேகமாக நன்றாக இருக்கும். காம்பின் நடுவில் வெள்ளையாகப் பஞ்சோ ஓட்டையோ இருந்தால் கிழங்கிலும் இருக்கும். கிழங்கில் தொடங்குவது இலைக்காம்பிலும் தெரிந்துவிடுகிறது.

அன்று மாலையே மூன்று காம்பு வெட்டுகளின் படம் வந்தது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தபடி. இரண்டில் நடுவில் வெள்ளைப் புள்ளி, ஒன்று முழுப்பச்சை. மூன்றையும் பிடுங்கி நறுக்கிப் பார்த்திருக்கிறார். வெள்ளைப் புள்ளி இருந்த இரண்டும் பஞ்சு. பச்சைக் காம்பின் கிழங்கு சாறோடு இருந்தது, ஆனால் கீழ்ப்பாதியில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு ஆரம்பித்திருந்தது. அதையும் வட்டமிட்டு அனுப்பியிருந்தார். “அந்த இடத்தை மட்டும் சீவிட்டுப் போட்டுட்டேன்.”